97 கட்டங்கள்: வட்டிப் புத்தகத்தின் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்ட பதிவு

காரைக்குடி வீட்டில் ஐயாவின் கைப்பெட்டிக்குள் இருந்த வட்டிப் புத்தகத்தையும், அதே புத்தகத்தின் பிந்தைய பதிப்பு ஒன்றையும் ஒப்பிட்டு முடித்துவிட்டேன். எல்லாப் பக்கங்களையும் அல்ல, முக்கால் வட்டிக்கான ஒரு பக்கத்தை மட்டும். அந்தப் பக்கத்தில் 300 கட்டங்கள். 97 மாறியிருக்கின்றன. எவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லும் பட்டியல் இப்போது கையில் இருக்கிறது. அதற்குப் போன வழியை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய கணக்குப் புத்தகங்களையோ பஞ்சாங்க அட்டவணைகளையோ இரண்டு பதிப்புகளில் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும்.

முதலில் பக்கத்தின் அமைப்பு. நூறு ரூபாய்க்கு மாதம் 12 அணா வட்டி என்பதுதான் முக்கால் வட்டி. மாதத்துக்கு 30 நாள். மேலே பத்துப் பத்திகள்: கடனாகக் கொடுத்த முதல் தொகை 100, 200 என்று 1000 வரை. இடப்பக்கம் 1 முதல் 30 வரை நாட்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ரூபாய், அணா, பை என மூன்று எண்கள். அணாவுக்கு 12 பை, ரூபாய்க்கு 16 அணா, ஆக ரூபாய்க்கு 192 பை. 1957 ஏப்ரல் 1 அன்று நூறு காசுக் கணக்கு வந்ததோடு இந்த அட்டவணைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இரண்டு பதிப்புகளும் அதற்கு முந்தியவை. பழையதன் முகப்புத் தாள் கிழிந்துபோயிருக்கிறது. புதியது தேவகோட்டையில் ஓர் ஆச்சி வீட்டில் இருக்கிறது. அவருடைய பேரன் ஒரு கடையில் ஸ்கேன் செய்து பி.டி.எஃப். கோப்பாக அனுப்பியிருந்தார்.

பழைய பதிப்பை நானே படமெடுத்தேன். புத்தகத்தின் தையல் இறுகியிருந்ததால் தாள் நடுவில் வளைந்து, முதல் இரண்டு பத்திகளின் எண்கள் சாய்ந்து விழுந்தன. கண்ணாடிக் கடையில் ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு வெட்டி, ஓரங்களைத் தேய்த்து வாங்கினேன். 180 ரூபாய். அதைத் தாள்மேல் வைத்ததும் வளைவு போய்விட்டது. தாள் மெல்லியது என்பதால் பின்பக்கத்து எண்கள் ஊடுருவித் தெரிந்தன. பத்து ரூபாய்க் கறுப்புச் சார்ட் தாளைப் பின்னால் செருகியதும் அவை மறைந்தன. வெள்ளைத் தாளை வைத்தால் ஊடுருவல் இன்னும் கூடும். கறுப்புதான் வேண்டும். விளக்கை நேர்மேலே வைக்காமல் இரண்டு பக்கமும் சாய்த்து வைத்தேன். இல்லையென்றால் கண்ணாடியில் ஒளி தெறித்து நான்கைந்து கட்டங்களை அப்படியே விழுங்கிவிடும்.

இரண்டு படங்களும் கிடைத்ததும், ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வேறுபாட்டைக் காட்டச் சொல்லும் வழியைத்தான் முதலில் முயன்றேன். இமேஜ்மேஜிக்கில் ஒரே கட்டளை போதும்:

```
compare pazhaya.png puthiya.png verupadu.png
```

பக்கம் முழுவதும் சிவந்துபோயிற்று. சாய்வை நேராக்கி, இரண்டையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்த பிறகும் அப்படியே. மேல் வரிசையைப் பொருத்தினால் கீழ் வரிசை விலகும். முதல் பத்தியைப் பொருத்தினால் பத்தாவது பத்தி அரை எழுத்து தள்ளி நிற்கும். கோடுகளின் இடைவெளியே வேறு. புதிய பதிப்புக்கு முழுப் பக்கத்தையும் மறுபடி அச்சுக் கோத்திருக்கிறார்கள் என்பது இதனால் தெரிந்தது. இது தெரிந்தது முக்கியம். பழைய பக்கத்தின் அச்சையே வைத்துச் சில எழுத்துகளை மட்டும் மாற்றியிருந்தால், படத்தை ஒப்பிட்டாலே வேலை முடிந்திருக்கும். மறுபடி கோத்த பக்கத்தில் 300 கட்டங்களில் எது வேண்டுமானாலும் மாறியிருக்கலாம். ஆகவே எண்களைத் தட்டச்சு செய்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

தட்டச்சுக்கு முன்னால் எதை மாற்றமாகக் கணக்கில் எடுப்பது என்று எழுதிக்கொண்டேன். பழைய பதிப்பில் ரூபாய் இல்லாத இடத்தில் 0 இருக்கிறது. புதியதில் சிறு கோடு இருக்கிறது. இது வடிவ வேறுபாடு, தொகை ஒன்றுதான். இதை மாற்றம் என்று எடுத்தால் முதல் வரிசைகள் முழுக்கப் பட்டியலில் ஏறிவிடும். அதனால் இரண்டையும் 0 என்றே தட்டச்சு செய்வது, வடிவ வேறுபாட்டைத் தனிக் குறிப்பாக எழுதுவது என்று முடிவு செய்தேன். படிக்க முடியாத எண்ணுக்கு ஊகம் கூடாது, கேள்விக்குறிதான். இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது: தட்டச்சு முடியும்வரை யாரும் வட்டியைக் கணக்கிட்டுப் பார்க்கக் கூடாது. சரியான விடை தெரிந்தவருடைய கண், அச்சிலிருக்கும் பிழையை அறியாமலே திருத்திப் படித்துவிடும்.

படத்திலிருந்து எழுத்தைத் தானாகப் படிக்கும் மென்பொருளில் ஒரு வரிசையைக் கொடுத்துப் பார்த்தேன். எண்களுக்கு நடுவிலிருக்கும் கோடுகளை ஒன்று என்று படித்தது. 300 கட்டங்களுக்கு அதைத் திருத்திக்கொண்டிருப்பதைவிடக் கையால் தட்டுவது விரைவு என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தெருவில் பி.காம். படிக்கும் ஒரு தம்பியும் நானும் தனித்தனியாக இரண்டு பதிப்புகளையும் தட்டினோம். ஆக நான்கு கோப்புகள். நான் நாள் வாரியாகக் குறுக்கே போனேன், அவர் முதல் வாரியாகக் கீழ்நோக்கிப் போனார். வேண்டுமென்றே அப்படிப் பிரித்துக்கொண்டோம். அட்டவணையில் மிகச் சாதாரணமான பிழை ஒரு வரிசை தாவிப் படிப்பது. இருவரும் ஒரே திசையில் போனால் இருவரும் ஒரே இடத்தில் தாவக்கூடும். அப்போது பிழை பிழையோடு ஒத்துப்போய் ஒளிந்துகொள்ளும். திசை வேறானால் அது நடப்பது அரிது.

கோப்பில் ஒரு கட்டத்துக்கு ஒரு வரி: நாள், முதல், வட்டி. அட்டவணை வடிவிலேயே தட்டுவது எளிது என்று தோன்றும். ஆனால் நடுவில் ஒரு கட்டம் விட்டுப்போனால் அதன்பிறகு எல்லாமே ஓரிடம் தள்ளிப்போய், ஒரு பிழை ஒரு வரிசை முழுவதும் மாறியதுபோலக் காட்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் நாளும் முதலும் பெயர்போல ஒட்டியிருந்தால் விட்டுப்போன கட்டம் தன் இடத்தில் மட்டும் காட்டிக்கொடுக்கும். ஒப்பிட்ட நிரல் இவ்வளவுதான்:

```python
import csv

def padi(peyar):
    with open(peyar, encoding="utf-8") as f:
        return {(int(r["naal"]), int(r["mudhal"])): r["vatti"].strip()
                for r in csv.DictReader(f)}

a, b = padi("pazhaya.csv"), padi("puthiya.csv")
for k in sorted(a.keys() | b.keys()):
    if a.get(k) != b.get(k):
        print(*k, a.get(k), b.get(k), sep="\t")
```

முதலில் இதைப் பதிப்புகளுக்கிடையே ஓட்டவில்லை. பழைய பதிப்பை நான் தட்டியதையும் தம்பி தட்டியதையும் ஒப்பிட்டேன், பிறகு புதியதற்கும் அதேபோல். இங்கே வரும் வேறுபாடுகள் எல்லாம் தட்டச்சுப் பிழைகள். 3, 8 குழப்பம்தான் மிகுதி. ஒவ்வொன்றுக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்தோம். ஒரு கட்டத்தில் இருவருமே கேள்விக்குறி போட்டிருந்தோம். பழைய பதிப்பில் மை சரியாகப் பிடிக்காத இடம் அது. ஒரு டார்ச்சைத் தாளின் தளத்துக்கு ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்துப் பார்த்தபோது எண் தெரிந்தது. ஈய எழுத்து தாளில் அழுத்திய பள்ளத்துக்கு மை வேண்டியதில்லை, நிழல் போதும். இதற்குப் படம் உதவாது, புத்தகமே கையில் இருக்க வேண்டும்.

பிறகுதான் பதிப்புக்குப் பதிப்பு. 98 வரிகள் வந்தன. அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஒழுங்கு புலப்பட்டது. ஏறத்தாழ எல்லாவற்றிலும் வேறுபாடு ஒரே ஒரு பை, எல்லாவற்றிலும் புதியதே குறைவு. ஏழாம் நாள் வரிசையின் முதல் ஐந்து கட்டங்களைப் பாருங்கள்:

```
முதல்   கணக்கு (பை)   பழையது   புதியது
100     33.6          0-2-10   0-2-9
200     67.2          0-5-7    0-5-7
300     100.8         0-8-5    0-8-4
400     134.4         0-11-2   0-11-2
500     168           0-14-0   0-14-0
```

நூறு ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி 144 பையில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது 4.8 பை. பழைய பதிப்பு அரைப் பைக்கு மேல் இருந்தால் முழுப் பையாக ஏற்றியிருக்கிறது. புதியது பின்னத்தை அப்படியே விட்டுவிட்டது. தட்டச்சு முடிந்துவிட்டதால் இப்போது கணக்கிட்டுப் பார்க்கத் தடையில்லை. விரிதாளில் நாள் A பத்தியிலும் முதல் B பத்தியிலும் இருந்தால், ஏற்றும் முறைக்கும் விடும் முறைக்கும் இரண்டு சூத்திரங்கள்:

```
=ROUND(24*A2*B2/500,0)
=INT(24*A2*B2/500)
```

இரண்டும் வேறுபடும் கட்டங்கள் சரியாக 96. எங்கள் பட்டியலின் 98 வரிகளில் 95 இந்த 96-க்குள் அடங்கின. மீதி மூன்று வெளியே நின்றன. மாறியிருக்க வேண்டிய ஒன்று மாறவில்லை. இந்த நான்கையும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்ததுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முதலாவது, 19 நாள், 500 ரூபாய். கணக்கு 456 பை, பின்னமே இல்லை, 2-6-0. புதியதில் அப்படியே இருக்கிறது. பழையதில் 2-9-0. ஈய எழுத்தைத் தலைகீழாகக் கோத்தால் 6 என்பது 9 ஆகிவிடும். பழைய பதிப்பின் பிழை புதியதில் திருத்தப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, 23 நாள், 800 ரூபாய். 883.2 பை, எந்த முறையில் பார்த்தாலும் 4-9-7. பழையதில் சரி. புதியதில் 4-7-9. கோக்கும்போது அணாவும் பையும் இடம் மாறிவிட்டன. இது புதிதாக நுழைந்த பிழை. கடன் வாங்கியவருக்கு இலாபம் ஓர் அணா பத்துப் பை.

மூன்றாவதுதான் நெடுநேரம் பிடித்தது. 20 நாள், 500 ரூபாய். பழையதில் 2-8-0, அதுதான் சரி. புதியதில் 2-6-0. அதற்கு நேர்மேலே, 19-ஆம் நாளுக்கும் 2-6-0. ஒரு நாள் கூடியும் வட்டி கூடவில்லை. அச்சுப் பிழை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் படத்தை மிகவும் பெரிதாக்கியபோது அந்த இரண்டு 6-களும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்தன. கையால் கோத்து அச்சிட்ட பக்கத்தில் அப்படி இருக்காது. ஒரே எண்ணின் இரண்டு ஈய எழுத்துகளில் தேய்மானம் வேறு, மை பரவுவதும் வேறு. உடனே கோப்பின் உள்ளே என்ன வகைப் படம் இருக்கிறது என்று பார்த்தேன்:

```
pdfimages -list puthiya.pdf
```

`enc` என்ற பத்தியில் `jbig2` என்றும், `x-ppi` பத்தியில் 200 என்றும் வந்தன. இந்தச் சுருக்கு முறையில் ஒரு வகை உண்டு. அது பக்கத்தில் ஒன்றுபோலிருக்கும் உருவங்களைத் தேடி, ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டிவிடும். சிறிய எழுத்தும் குறைந்த நுணுக்கமும் சேர்ந்தால் 6-உம் 8-உம் ஒன்றாகத் தெரிந்து, ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஒட்டப்படும். 2013-ல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல், கட்டட வரைபடத்தை நகலெடுத்தபோது அறைகளின் பரப்பளவு எண்களே மாறியிருந்ததைக் கண்டு வெளியிட்டது இந்த வகைக் கோளாறுதான். மங்கலாக வந்தால் நாம் சந்தேகப்படுவோம். இங்கே எண் தெளிவாகவே வருகிறது, ஆனால் தவறான எண். `jbig2` என்று இருப்பதால் மட்டும் கோப்பு கெட்டது என்று சொல்ல முடியாது. இழப்பில்லாமல் சுருக்கும் வகையும் அதே பெயரில் இருக்கிறது. புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கான எச்சரிக்கை, அவ்வளவுதான்.

தேவகோட்டைக்குத் தொலைபேசியில் பேசினேன். "ஆச்சி, முக்கால் வட்டிப் பக்கத்தில் இருபதாம் நாள், ஐந்நூறு ரூபாய்க்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்."

"இரண்டு ரூபாய் எட்டணா, தம்பி" என்றார், நான் கேட்டு முடிக்கும் முன்பே. "ஐந்நூறுக்கு மாதம் மூன்றே முக்கால் ரூபாய். இருபது நாளைக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. இதற்குப் புத்தகம் எதற்கு?"

விடை சரி. ஆனால் அது அவருடைய கணக்கு, புத்தகத்தின் சாட்சியம் அல்ல. எனக்கு வேண்டியது புத்தகத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதுதான் என்று விளக்கி, பேரனிடம் சொல்லி அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த வண்ணப் படத்தில் 2-8-0 தெளிவாக இருந்தது. அந்தக் கட்டம் மாறவே இல்லை. 98 அப்போதுதான் 97 ஆயிற்று.

ஒரு கட்டத்தில் இது நடந்திருந்தால் மற்றவற்றிலும் நடந்திருக்கலாம். அதனால் புதிய பதிப்புக்குக் கைபேசிப் படத்தையே மூலமாக வைத்து, 300 கட்டங்களையும் அதோடு மறுபடி சரிபார்த்தோம். வேறு மாற்றம் இல்லை. பட்டியலிலிருந்த ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு படங்களிலிருந்தும் சிறு துண்டாக வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டும் பார்த்தோம். தட்டிய எண்களை அந்தத் தாளில் சேர்க்கவில்லை, படம் மட்டும்.

நான்காவது, மாறாமல் நின்ற கட்டம்: 13 நாள், 700 ரூபாய். 436.8 பை. பழைய முறைப்படி 2-4-5, புதிய முறைப்படி 2-4-4 இருக்க வேண்டும். இரண்டு பதிப்பிலும் 2-4-5. புதிய பதிப்பைத் தயாரித்தவர் எல்லாக் கட்டங்களையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதவில்லை, பழைய புத்தகத்தின் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பை குறைக்க வேண்டிய இடங்களில் கையால் திருத்திக் கொடுத்திருக்கிறார், அதில் இது விடுபட்டது என்று நினைக்கிறேன். 4-க்குப் பதில் 5 தவறிப்போய்க் கோக்கப்பட்டதாகவும் இருக்கலாம். ஒரே கட்டத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. வேறு பக்கங்களிலும் இதேபோல விடுபட்ட கட்டங்கள் கிடைத்தால் முதல் ஊகம் வலுப்படும்.

இறுதிப் பட்டியலில் ஆறு பத்திகள் வைத்தேன்: பக்கம், நாள், முதல், பழையது, புதியது, வகை. வகை மூன்றுதான். பின்னம் விட்டது 95, பழைய பிழை திருத்தியது 1, புதிய பிழை 1. ஸ்கேனால் வந்த பொய் மாற்றத்தையும், மாறாமல் நின்ற கட்டத்தையும் பட்டியலுக்குக் கீழே தனித்தனிக் குறிப்பாக எழுதினேன். பொய் மாற்றத்தை நீக்கிவிட்டுச் சும்மா இருந்தால், அந்தப் பி.டி.எஃப். கோப்பை மட்டும் வைத்து நாளை யாராவது ஒப்பிடும்போது, நாங்கள் ஒன்றை விட்டுவிட்டோம் என்று எண்ணுவார்கள்.

செலவு: கண்ணாடி, சார்ட் தாள், துண்டுப் படங்களை அச்சிட்டது, தம்பிக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள். அடுத்த பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளப்போவது இரண்டு. எந்தக் கோப்பு வந்தாலும் தட்டச்சுக்கு முன்பே `pdfimages -list` ஓட்டிப் பார்ப்பது. கறுப்பு வெள்ளை ஸ்கேனை வாங்காமல், கண்ணாடித் துண்டைத் தேவகோட்டைக்கே கொண்டுபோய் வண்ணத்தில் படமெடுப்பது.

அடுத்து எடுத்திருப்பது ஒரு ரூபாய் வட்டிப் பக்கம். அங்கே நூறு ரூபாய்க்கு நாளொன்றுக்கு 6.4 பை. சூத்திரத்தில் 24 இருக்கும் இடத்தில் 32 போட்டால் போதும். ஏற்றும் முறைக்கும் விடும் முறைக்கும் அங்கேயும் வேறுபட வேண்டிய கட்டங்கள் 96-தான், ஆனால் எல்லாம் அதே இடங்களில் இல்லை. அந்த இடங்களை இப்போதே குறித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். தட்டச்சு முடியும்வரை தம்பியும் பார்க்கக் கூடாது, நானும் திறக்கக் கூடாது.